நிலா கூடவே வந்து ‘போயிட்டு வரேன்’ சொன்ன கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு பாலர் பள்ளியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே நான் சொல்லும் கதைகளில் பிள்ளைகள் வீடு வரைக்கும் கொண்டுபோவது இந்த நிலாக் கதையைத்தான். மறுநாள் காலையில் வாசலிலேயே பெற்றோர் பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதை எல்லாம் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

முதல்ல கதையை முழுசா சொல்லுங்க, டீச்சர்.

பாப்பா பாட்டி வீட்டில் சோறு சாப்பிட்டாள். கை கழுவினாள். வாய் கழுவினாள்.

“வீட்டுக்குப் போகலாமா?” என்றார் அப்பா.

வெளியே வந்தால் இருட்டு. மேலே பார்த்தால் நிலா. பெரிய நிலா. வட்ட நிலா.

“நிலா, நான் வீட்டுக்குப் போறேன்” என்றாள் பாப்பா.

“நானும் கூட வரேன்” என்றது நிலா.

பாப்பா நடந்தாள். நிலாவும் நடந்தது. பாப்பா நின்றாள். நிலாவும் நின்றது.

செம்பனை மரம் வந்தது. நீள மட்டை, பெரிய மட்டை. நிலாவைக் காணோம்!

“நிலா, எங்கே இருக்கே?”

“இங்கேதான் இருக்கேன்.” மட்டைக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தது நிலா.

பாப்பா நடந்தாள். நிலாவும் நடந்தது.

வழியில் ஒரு நத்தை. மெதுவா, மெதுவா, மெதுவா. பாப்பா நின்றாள். நிலாவும் நின்றது. நத்தை புல்லுக்குள்ளே போய்விட்டது.

பாப்பா நடந்தாள். நிலாவும் நடந்தது.

மாரியம்மன் கோயில் வந்தது. மணி அடித்தது, டங், டங். நிலாவைக் காணோம்!

“நிலா, எங்கே இருக்கே?”

“இங்கேதான் இருக்கேன்.” கோபுரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது நிலா.

வீடு வந்தது. பாப்பா செருப்பைக் கழற்றினாள். அம்மா கால் கழுவிவிட்டார். பாப்பா பாயில் படுத்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.

“நிலா, நீயும் வந்துட்டியா?”

“வந்துட்டேன்.”

பாப்பா கொட்டாவி விட்டாள். ஆ… ஆ…

“நான் போயிட்டு வரேன், பாப்பா. நீ தூங்கு.”

“போயிட்டு வா, நிலா.”

பாப்பா கண்ணை மூடினாள். ஜன்னல் ஓரத்தில் நிலா மெல்ல, மெல்ல மேலே ஏறிப் போனது.

அவ்வளவுதான் கதை. ‘பாப்பா’ இருக்கும் இடத்தில் உங்கள் பிள்ளையை வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இது புத்தகத்துல வந்த கதையா?

இல்லை, எங்கள் வீட்டுக் கதை. அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பேர் கொடுக்க விடிவதற்குள் போயாக வேண்டும். என்னைத் துணியில் சுற்றி, இடுப்பில் வைத்து, லயத்திலிருந்து ஆயாக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போவார். கொட்டகை வாசலில் நான் அழுதால் வானத்தைக் காட்டி, “நிலா உன்கூடவே வந்துச்சு பாரு, அது இங்கேயே இருக்கும், அம்மா போயிட்டு வரேன்” என்பார். ஆயாவின் தோளில் இருந்தபடி கித்தா என்கிற ரப்பர் மரங்களுக்கு மேலே அந்த நிலாவைப் பார்த்தது எனக்கு இன்றைக்கும் நினைவு இருக்கிறது. நான் பிள்ளை பெற்ற பிறகு அதைச் சாயங்காலக் கதையாக மாற்றிக்கொண்டேன். கித்தா போய்ச் செம்பனை வந்துவிட்டதால் மரத்தையும் மாற்றினேன்.

நத்தை மட்டும் ஊருக்காகச் சேர்த்தது. மலாயில் சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. ஊர்ப் பெயருக்குள்ளே இருக்கிற நத்தையைக் கதையில் விட்டுவிட மனம் வரவில்லை.

எத்தனை வயசுல ஆரம்பிக்கலாம்?

ஒன்றரை வயதில் நிலாவைக் கை காட்டத் தெரிந்துவிட்டால் ஆரம்பிக்கலாம். அப்போது முழுக் கதை வேண்டாம், நடந்தாள், நின்றாள் மட்டும் போதும். இரண்டு வயதில் “எங்கே இருக்கே” என்று கேட்கும். மூன்று வயதில் நீங்கள் ஒரு வரியை விட்டால் உங்களைத் திருத்தும்.

நிலா ஏன் ‘குட் நைட்’ சொல்லல? ‘இரவு வணக்கம்’னாவது சொல்லலாமே?

இதை நிறைய பேர் கேட்டிருக்கிறார்கள். சிலர் கதையை மாற்றியும் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். நான் இதில் விட்டுக்கொடுப்பதில்லை, அதற்குக் காரணம் உண்டு.

‘இரவு வணக்கம்’ வானொலியில் சொல்லலாம், மேடையில் சொல்லலாம். மடியில் படுத்திருக்கும் இரண்டு வயதுப் பிள்ளைக்கு எந்த அம்மாவும் வணக்கம் சொல்வதில்லை. ‘குட் நைட்’ எல்லா வீட்டிலும் புழங்குகிற சொல்தான், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அது சொன்னதோடு முடிந்துவிடும், அடுத்து என்ன என்று அதில் இல்லை.

பிரிகிறபோது நாம் என்ன சொல்வோம் என்று பாருங்கள். ‘போறேன்’ என்று ஒற்றையாகச் சொன்னால் வீட்டில் பெரியவர்கள் முகம் மாறும். “அப்படிச் சொல்லாதே, போயிட்டு வரேன்னு சொல்லு” என்பார்கள். கடைக்குப் போனாலும் அதுதான், கோலாலம்பூருக்கு வேலைக்குப் போனாலும் அதுதான். போவதும் வருவதும் ஒரே சொல்லுக்குள் இருக்கிறது. தூங்கப் போகிற சின்னப் பிள்ளைக்கு உள்ளே இருக்கிற பயம் இருட்டைப் பற்றியது மட்டும் இல்லை. கண்ணை மூடினால் அம்மா காணாமல் போய்விடுவாரோ, நிலா காணாமல் போய்விடுமோ என்ற பயமும் அதில் இருக்கிறது. ‘போயிட்டு வரேன்’ என்று நிலா சொன்னால், திரும்பி வருவேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்த மாதிரி.

இன்னொன்றும் உண்டு. அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்ல வேண்டும். “போயிட்டு வா” என்று பிள்ளை சொல்கிறபோது, அனுப்பி வைப்பது பிள்ளை, போவது நிலா. பகல் முழுக்கப் பெரியவர்கள்தான் பிள்ளையைப் படு, எழு, வா, போ என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். இந்த ஒரு நேரத்தில் பிள்ளை விடை கொடுக்கிறது. கொடுத்த பிறகு தூங்குவது அதற்குச் சுலபமாக இருக்கிறது.

அதனால் கடைசி இரண்டு வரியை மாற்றாதீர்கள். நடுவில் என்ன வேண்டுமானாலும் மாற்றலாம்.

எழுத்துத் தமிழ்லயே படிக்கணுமா?

வேண்டாம். நான் எழுதி வைப்பதற்காகத்தான் ‘நடந்தாள், நின்றாள்’ என்று போட்டிருக்கிறேன். வாயால் சொல்லும்போது “பாப்பா நடந்தா, நிலாவும் நடந்துச்சு” என்று சொல்லுங்கள். நாலைந்து வயதில் படம் பார்த்துக் கூடவே படிக்க உட்கார்ந்தால் எழுதியபடி படியுங்கள்.

உண்மையில நிலா ஏன் கூடவே வர்ற மாதிரி தெரியுது?

ரொம்பத் தூரத்தில் இருப்பதால்தான். எங்கள் தெருவையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். பாட்டி வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறக்குறைய 400 மீட்டர். வழியில், ரோட்டுக்குப் பக்கவாட்டில் 20 மீட்டர் தள்ளி ஒரு செம்பனை நிற்கிறது. அதற்கு நேராக வந்து, இன்னும் 20 மீட்டர் நடந்தால் அந்த மரத்தைப் பார்க்கக் கழுத்தை நன்றாகப் பின்னால் திருப்ப வேண்டும். 400 மீட்டர் நடந்து முடித்தால் அது முதுகுக்குப் பின்னால் எங்கேயோ போய்விட்டிருக்கும்.

நிலா சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதன் குறுக்களவு 3,474 கிலோமீட்டர். நாம் 400 மீட்டர் நடந்ததால் அது நம் கண்ணுக்கு எவ்வளவு நகர்ந்து தெரியும் என்று பார்த்தால், அதன் சொந்த அகலத்தில் எட்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதாவது நகரவே இல்லை. கிளம்பும்போது இடது தோளுக்கு மேலே இருந்த நிலா, வீட்டுக்கு வந்த பிறகும் இடது தோளுக்கு மேலேயே இருக்கும். மரம், லோங்காங், கோயில், கடை எல்லாம் பின்னால் போய்க்கொண்டிருக்க ஒன்று மட்டும் பக்கத்திலேயே இருந்தால், அது நம்மோடு நடந்து வருகிறது என்றுதான் கண் முடிவு செய்யும். பக்கத்தில் சைக்கிளில் கூட வருகிறவரும் அப்படித்தானே நம் பக்கத்திலேயே இருக்கிறார்!

ஒளிந்து ஒளிந்து வருவதும் இதனால்தான். செம்பனையை ஏறக்குறைய 9 மீட்டருக்கு ஒன்றாக நடுவார்கள். சின்னப் பிள்ளையின் காலடிக்கு அது முப்பது அடி. முப்பது அடிக்கு ஒரு தரம் நிலா மறைந்து, மறுபடி எட்டிப் பார்க்கும். கதையில் “நிலாவைக் காணோம்” எப்போது வர வேண்டும் என்று நான் யோசித்து வைக்கவில்லை. தோட்டத்து ரோட்டில் நடந்தபோது தானாக அமைந்தது.

பூமி சுற்றுவதால் வானத்தில் நிலாவும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் மெதுவாக. பிள்ளையோடு நடக்கும் கால்மணி நேரத்தில், கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு விரல் அகலம் இருக்கும். பௌர்ணமி நிலா கடைசியில் மேலே ஏறிப் போவதாகக் கதையில் வருவது அதுதான்.

அப்போ பிள்ளைக்குப் பொய் சொல்ற மாதிரி ஆகாதா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த எண்ணத்தை நாம் பிள்ளையின் தலையில் போடுவதில்லை, பிள்ளை தானாகவே அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜான் பியாஜே 1920களில் பிள்ளைகளிடம் நிலாவைப் பற்றிக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். நாம் நடந்தால் நிலா என்ன செய்யும் என்று கேட்டதற்கு, சின்னவர்கள் அது எங்கள் கூடவே வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஜெனீவாவில் சொன்னதைத்தான் இங்கே லயத்துப் பிள்ளையும் சொல்கிறது.

ஐந்து ஆறு வயதில் பிள்ளையே சந்தேகப்படும். “அண்ணன் அந்தப் பக்கம் போனான், நான் இந்தப் பக்கம் போனேன், நிலா யார் கூடப் போச்சு?” என்று என் வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள். அப்படிக் கேட்கும் நாளில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஒரு பிள்ளையைக் கோயில் பக்கமும் இன்னொரு பிள்ளையைக் கடை பக்கமும் நடக்கவிட்டு, இருவரிடமும் கேளுங்கள். இரண்டு பேரும் “என் கூடத்தான் வந்துச்சு” என்பார்கள். அப்புறம் தூரத்தில் தெரியும் சுண்ணாம்புக் கல் மலையைக் காட்டுங்கள். பக்கத்து வேலி வேகமாகப் பின்னால் போகும், மலை கொஞ்சம்தான் போகும். நிலா அந்த மலையைவிட எவ்வளவோ தூரம் என்று சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு வயதில் இதைச் சொல்ல வேண்டாம்.

பின்னாடி ஏதோ வருதுன்னு என் மகள் பயப்படுறா. என்ன செய்றது?

ஒரு சொல்லால் வந்த பயமாக இருக்கும். பெரும்பாலும் ‘துரத்திக்கிட்டு வருது’ அல்லது ‘பின்னாடியே வருது’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பின்னால் வருவது என்றால் பெரியவர்களுக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றும். ‘கூட வருது’ என்று மட்டும் சொல்லுங்கள். கூட வருகிறவர் துணை.

என்னிடம் வந்த ஒரு இரண்டு வயதுப் பிள்ளை, நிலா என்றாலே கையால் முகத்தை மூடிக்கொள்வாள். விசாரித்தால், வீட்டுக்குச் சீக்கிரம் நடக்கட்டும் என்று “ஓடி வா, நிலா பிடிச்சுக்கும்” என்று ஒரு நாள் சொல்லியிருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. பூச்சாண்டி இருக்கிற இடத்தில் நிலாவை வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அவள் அம்மாவிடம் கதையே சொல்ல வேண்டாம் என்றேன். வாசலில் தூக்கி வைத்துக்கொண்டு நாலு அடி நடந்து, “நாம நடந்தோம், நிலா நடந்துச்சு”, நின்று, “நாம நின்னோம், நிலா நின்னுடுச்சு”. அது மட்டும்தான். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ பிள்ளையே “நில்லு” என்றிருக்கிறாள். அம்மா நின்றார், நிலா நின்றது. தன் பேச்சை அது கேட்கிறது என்று தெரிந்த பிறகு கையை முகத்துக்குக் கொண்டுபோகவில்லை. கதை அதற்கடுத்த வாரம்தான் ஆரம்பித்தது.

முதல் நாள் பெரிய நிலா இருந்துச்சு. மூணு நாள்ல காணாமப் போச்சு. மகன் வாசல்ல நின்னு அழுறான்.

பௌர்ணமியன்று ஆரம்பித்திருப்பீர்கள். நிலா அழகாக இருக்கிறதே என்று எல்லாரும் அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறோம். ஆனால் இந்தக் கதைக்கு அதைவிடக் கெட்ட நாள் இல்லை.

நிலா தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். பௌர்ணமியன்று சூரியன் மறைகிற நேரத்தை ஒட்டி, சுமார் 7.15 மணிக்கு, கிழக்கே வந்துவிடும். மறுநாள் 8.05. அதற்கு மறுநாள் 8.55. உங்கள் பிள்ளை எட்டரைக்குப் படுத்துவிட்டால், மூன்றாம் நாளே அவனுக்கு நிலா இல்லை. அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு மாலையில் வராது. அவன் அழுவது நியாயம்தான்.

அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையன்று ஆரம்பியுங்கள். மேற்கே தாழ்வாக, மெல்லியதாக இருக்கும். அன்றிலிருந்து பௌர்ணமி வரைக்கும் ஒவ்வொரு மாலையும், மழை இல்லாவிட்டால், நிலா இருக்கும். ஏறக்குறைய பன்னிரண்டு நாள். பிள்ளை கதையைப் பிடித்துக்கொள்ள அது போதும். இதில் முதல் இரண்டு மூன்று நாளும், பௌர்ணமியை ஒட்டிய கடைசி இரண்டு மூன்று நாளும்தான் நிலா மர உயரத்தில் இருந்து ஒளிந்து விளையாடும். நடுவில் எட்டாம் நாள் வாக்கில், நடக்கிற நேரத்தில் தலைக்கு மேலே போய்விடும், மரத்துக்குப் பின்னால் மறையாது. அந்த நாட்களில் பிள்ளையைத் தோளில் உட்கார வைத்து, மேகத்துக்குள் ஒளிவதைக் காட்டுங்கள்.

பௌர்ணமி கழிந்து மறைந்துவிட்ட பிறகு என்ன செய்வது என்பதற்கு நம் நாட்டில் ஒரு வசதி இருக்கிறது. இங்கே விடிவது தாமதம். தீபகற்பத்தில் 1982 ஜனவரி 1 அன்று கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள், அதிலிருந்து காலை ஏழு மணிக்குத்தான் வெளிச்சமே வருகிறது. ஆறரைக்குப் பிள்ளையைக் கிளப்பி, பாலர் பள்ளிக்கோ பார்த்துக்கொள்ளும் அக்கா வீட்டுக்கோ கொண்டுபோவீர்கள் இல்லையா, அப்போது மேற்கே பாருங்கள். பௌர்ணமிக்கு இரண்டு மூன்று நாள் கழித்து, நேற்று மாலை காணாத நிலா அங்கே நிற்கும். “போயிட்டு வரேன்னு சொல்லுச்சுல்ல, வந்துருச்சு பாரு” என்று காட்டுங்கள். நாள் போகப்போக அது மேலே ஏறி, அப்புறம் கிழக்குப் பக்கம் மெலிந்து போகும். அமாவாசையை ஒட்டிய ஐந்தாறு நாள்தான் உண்மையில் காலையிலும் இல்லை, மாலையிலும் இல்லை என்று சொல்லலாம்.

அந்த நாட்களில் கதையைப் பாயில் படுத்துக்கொண்டு சொல்லுங்கள். “நிலா இன்னிக்கு எங்கே?” என்று கேட்டால், “போயிருக்கு, வரும்” என்று சொன்னால் போதும். தூங்குகிறது, கோபித்துக்கொண்டது, காக்கா தூக்கிப் போய்விட்டது என்றெல்லாம் சொல்ல வேண்டாம். நீ சாப்பிடவில்லை, அதனால் வரவில்லை என்று மட்டும் ஒருநாளும் சொல்லிவிடாதீர்கள். பிள்ளை அதை அப்படியே நம்பும்.

மழைக் காலத்துல, புகைமூட்டத்துல?

அதே பதில்தான். “மேகத்துக்குப் பின்னாடி இருக்கு.” இது முழு உண்மையும்கூட. புகைமூட்டம் என்றால் வெளியே நடக்கவே வேண்டாம், கதவைச் சாத்திக்கொண்டு சொல்லுங்கள்.

படம் வரையச் சொல்றாங்க. பிறை நிலாவை எப்படி வரையறது?

இங்கே தெரிகிற மாதிரி வரையுங்கள். வெளிநாட்டுப் படங்களில் பிறை பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும், மூக்கும் வாயும் வைத்திருப்பார்கள். சுங்கை சிப்புட் பூமத்திய ரேகையிலிருந்து ஐந்து பாகைக்குள்தான் வடக்கே இருக்கிறது. சூரியனும் நிலாவும் இங்கே ஏறக்குறைய நேர்க்குத்தாக இறங்கும். மாலையில் மறைந்த சூரியன் பிறைக்கு நேர் கீழே இருப்பதால் அடிப்பக்கம் வெளிச்சமாகி, பிறை மல்லாந்து, ஒரு சம்பான் மாதிரி கிடக்கும். சில மாதங்களில் கொஞ்சம் சாய்ந்திருக்கும், அவ்வளவுதான். ஒரு சிறுவன் அதைப் பார்த்து “டீச்சர், நிலா சிரிக்குது” என்றான். நான் வரைந்து காட்டியிருந்த நிமிர்ந்த பிறையை அன்றைக்கே அழித்துவிட்டு, அவன் சொன்ன மாதிரி படுக்க வைத்து வரைந்தேன்.

நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுவாங்களே, அதுதானே இது?

ஒரே குடும்பம், ஆனால் வேறு. நிலாவைப் பிள்ளையிடம் கூப்பிடுவது தமிழில் ரொம்பப் பழைய வழக்கம். பிள்ளைத்தமிழில் ஏழாவது பருவமே அம்புலிப் பருவம்தான். என் பிள்ளையோடு விளையாட வா என்று நிலாவைக் கூப்பிடுவார்கள். நீயும் என் பிள்ளையும் ஒன்று என்று புகழ்வார்கள், உன்னைவிட என் பிள்ளை உசத்தி என்பார்கள், வந்தால் இதெல்லாம் கிடைக்கும் என்பார்கள், வராவிட்டால் என்ன ஆகும் தெரியுமா என்று மிரட்டவும் செய்வார்கள். சாமம், பேதம், தானம், தண்டம் என்று நாலு வழி. இவ்வளவு கெஞ்சியும் கொஞ்சியும் மிரட்டியும் நிலா மேலேயே நிற்கும்.

இந்தக் கதையில் யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. பிள்ளை நடந்தால் நிலா வந்துவிடுகிறது. நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு ஏற்ற கதை இது என்று நான் நினைப்பதற்கு அதுதான் காரணம். மடியில் இருக்கும் வரைக்கும் நிலாவைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

நாங்க நடக்குறதில்ல, கார்லதான் போறோம்.

காரிலும் வரும், இன்னும் வேகமாக வரும். திருப்பத்தில் மட்டும் கவனம் வேண்டும். கார் இடதுபக்கம் திரும்பினால் வலது ஜன்னலில் இருந்த நிலா பின்னால் போய்விடும், பிள்ளை தேடும். அப்போது “நிலா, எங்கே இருக்கே?” என்று கேட்டுவிடுங்கள், அடுத்த திருப்பத்தில் கிடைக்கும். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் போய்விட்டு ராத்திரி திரும்புகிற குடும்பங்களுக்கு இது நல்ல வழித்துணை. தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் நிலாவும் முழுசாக இருக்கும். பிள்ளை நாலாவது மைலிலேயே தூங்கிவிட்டால் எழுப்பாதீர்கள், “போயிட்டு வரேன்” மட்டும் காதுக்குள் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னு கேட்டுக்கிட்டே இருக்கான்.

இரண்டாம் தடவை குரலைக் குறைத்துச் சொல்லுங்கள். மூன்றாம் தடவை “நடந்தா… நின்னா…” என்று இழுத்து, இடையிடையே பேசாமல் இருங்கள். கதையைச் சுருக்கக் கூடாது, மெதுவாக்க வேண்டும். சுருக்கினால் கண்டுபிடித்து எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

நாங்க தோட்டத்தை விட்டு ஃபிளாட்டுக்கு வந்துட்டோம். ரூம் ஜன்னல்ல நிலா தெரியறதே இல்ல.

ஜன்னல் வடக்கையோ தெற்கையோ பார்த்திருக்கும். நம் ஊரில் நிலா கிழக்கே ஏறி, தலைக்கு மேலே போய், மேற்கே இறங்கும். தாழ்வாக இருக்கும்போது கிழக்கு ஜன்னலிலும் மேற்கு ஜன்னலிலும்தான் தெரியும். பௌர்ணமியை ஒட்டிய நாட்களுக்குக் கிழக்கு, பிறை நாட்களுக்கு மேற்கு. உங்கள் வீட்டில் அந்தத் திசையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் சமையலறையோ, துணி காயப்போடுகிற இடமோ, லிஃப்டுக்கு முன்னால் இருக்கும் நடைபாதையோ இருக்கும்.

விடைபெறுவதை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது மாடிக்குக் குடிபோன ஒரு குடும்பம் அப்படித்தான் செய்கிறது. செம்பனை இருந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டியைப் போட்டுக்கொண்டார்கள், கோபுரம் இருந்த இடத்தில் எதிர் புளோக். லிஃப்டில் ஏறும்போது நிலாவைக் காணோம், கதவு திறந்ததும் நடைபாதைக் கம்பிக்கு அப்பால் இருக்கும். அங்கேயே அப்பா தூக்கிக் காட்டுவார், பிள்ளை “போயிட்டு வா” என்று கையாட்டும், அப்புறம் உள்ளே போய்க் கால் கழுவிப் படுத்துக்கொள்ளும். நத்தையை மட்டும் எடுக்கவிடவில்லையாம். ஐந்தாவது மாடி நடைபாதையில் ஒவ்வொரு ராத்திரியும் அது கடந்து போகிற வரைக்கும் எல்லாரும் நிற்கிறார்கள்.